'உன்கூட இருந்தேன்னு சொல்லிடு' என்றான் நண்பன். முடியாது என்றேன். இப்போது என் போனை எடுப்பதில்லை

நடுவழி

ஒரு வாரமாக மனசே சரியில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவனும் கல்லூரி முதல் வருடத்திலிருந்து பழக்கம். பதினேழு வருடம் ஆகிறது. அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், ஒரு பெண் குழந்தை. இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவன் வேலை போய்விட்டது. அவன் பிரிவையே மூடிவிட்டார்கள், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டரைக்கு வழக்கம்போல மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான், இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறான். நடுவில் நூலகம், பூங்கா, சில நாள் என் வீட்டு மாடி. சம்பளத் தேதி வந்தால் தன் சேமிப்பிலிருந்து எடுத்து, அதே தொகையை வீட்டுக் கணக்கில் போட்டுவிடுகிறான்.

எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டான். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றான், சரி என்றேன். அவன் சுயவிவரத்தை நாலைந்து இடத்துக்கு அனுப்பினேன், மாடியில் உட்கார்ந்து புலம்பினால் கேட்டுக்கொண்டேன். அதுவரை எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

போன வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு அவன் பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்ததை அவன் மனைவியோடு வேலை செய்கிற யாரோ பார்த்துவிட்டு அவரிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் எனக்குச் செய்தி அனுப்புகிறான்: "அவ உனக்கு போன் பண்ணுவா. மதியம் ஆபீஸ் வேலையா உன்னைப் பார்க்க வந்தேன், உன்கூட இருந்தேன்னு சொல்லிடு." உடனே கூப்பிட்டு, அது என்னால் முடியாது என்றேன். "ஒரே ஒரு வரிதானேடா" என்றான். பேசி முடிக்கவில்லை, லைன் கட்டாகிவிட்டது.

இருபது நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். "அண்ணா, அவர் மதியம் உங்ககூட இருந்தாரா?" எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதை அவன்கிட்டயே கேளும்மா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிண்ணா" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி அவன் கூப்பிட்டான். "நீ பேசாம இருந்த அந்த நாலு செகண்ட்லயே எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றான். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. அவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தான் என்றும் தெரியவில்லை.

பொய் சொல்லாததற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் சொல்ல மறுத்த விதத்தில் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. அவன் இப்போது இருக்கிற நிலைமையில் அவனைத் தனியாக விடவும் மனசு வரவில்லை. வேறு எப்படிச் செய்திருக்கலாம்?

வெட்டிவேர்

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணிடம் உடனே உண்மையைச் சொல்லுங்கள். ஒரு ஆள் மத்தியானத்தில் எங்கே போகிறான் என்று மனைவியிடம் மறைக்கிறான் என்றால் அதில் இன்னொரு பெண் இருக்கிறாள். நீங்கள் சொல்லாமல் இருப்பது அவனுக்குத் துணை போவதுதான்.

நடுவழி

இல்லைங்க, வேலை போனதைத்தான் மறைக்கிறான், வேறு எதுவும் இல்லை. மனைவியிடம் போய்ச் சொல்வதா என்று நான் கேட்கவும் இல்லை. அவனுக்காகப் பொய் சொல்லாமல், அதே சமயம் அவனோடு எப்படி இருப்பது என்றுதான் கேட்கிறேன்.

நேர்கோடு

பொய் சொல்லாமலேயே நீங்கள் சமாளித்திருக்க முடியும். அவன் சில நாள் உங்கள் மாடிக்கு வருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "ஆமாம்மா, இப்பல்லாம் மதியத்துல அடிக்கடி இந்தப் பக்கம் வர்றான்" என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு. உங்களுக்கும் உறுத்தல் இல்லை, நண்பனுக்கும் பிரச்சினை இல்லை.

அப்படியே ஒரு சொல் தவறினாலும், குற்றமற்ற நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று திருவள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பம் நிம்மதியாக இருப்பது நன்மைதானே?

தூரத்துப்பச்சை

நேர்கோடு, நான் போனின் அந்தப் பக்கத்தில் இருந்தவள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

என் கணவர் எனக்குத் தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டே இருந்தார், எட்டு மாதம். ஒருநாள் இரவு பத்து மணி ஆகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவருடைய நெருங்கிய நண்பருக்குக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், "இங்கதான் இருக்கான்மா, குளிக்கிறான், வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். நானும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது குளித்து முடித்திருப்பார், இப்போது தலை துவட்டிக்கொண்டிருப்பார் என்று காத்திருந்தேன். பதினொன்றரைக்கு என் கணவர் கூப்பிட்டார். அதற்குள் அந்த நண்பர் அவருக்கு விஷயத்தைச் சொல்லி, "குளிச்சுட்டு இருந்தேன்" என்று சொல்ல வைத்திருக்கிறார்.

எல்லாம் வெளியே வந்த பிறகு கடனைக்கூட ஒரு மாதிரி மறக்க முடிந்தது. அந்தக் குளியலை என்னால் மறக்கவே முடியவில்லை. அவர் "இங்கே இருக்கான்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம், கூடவே ஒரு குளியலையும் சேர்த்தார். நான் நம்ப வேண்டும் என்பதற்காக ஒருவர் யோசித்து அதைச் செய்திருக்கிறார் என்பதுதான் வலித்தது. அதற்கு முன்னால் அவர் சொன்ன எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒருவர் பொய் சொன்னாலே தாங்குவது கஷ்டம். இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு சொன்னார்கள் என்று தெரியும்போது, வீட்டுக்கு வெளியே எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று ஆகிவிடுகிறது.

நடுவழி, உங்கள் நாலு செகண்ட் மௌனம் அந்தப் பெண்ணுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாளைக்கு அவர் அதைத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது, நீங்கள் அவரை ஏமாற்றவில்லை என்பது தெரியும்.

மழைக்காலம்

நான் பதினான்கு வருடமாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். உங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் நிறைய வருவார்கள். கணவன் மனைவியைவிட அவர்கள்தான் சில சமயம் அதிகம் உடைந்துபோயிருப்பார்கள்.

நீங்கள் போனில் சொன்ன வாக்கியத்தில் தவறு இல்லை. அதைச் சொன்ன நேரம்தான் பிரச்சினை. அவன் முதல் நாள் "யாரிடமும் சொல்லாதே" என்றபோது நீங்கள் "சரி" என்றீர்கள். நீங்கள் நினைத்த "சரி"க்கு, நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். அவன் கேட்ட "சரி"க்கு, யார் கேட்டாலும் என்னைக் காப்பாற்றுவான் என்று அர்த்தம். இரண்டரை மாதம் அவன் அந்த நம்பிக்கையில் ஓட்டியிருக்கிறான், அது இல்லை என்பது மனைவி உங்களைக் கூப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்னால்தான் தெரிகிறது. அவன் கோபத்தில் பாதி அதற்காகத்தான் இருக்கும்.

அதனால் ரகசியத்தை வாங்கிக்கொள்ளும்போதே எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இதை நானா யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உன் மனைவி நேராக் கேட்டா இல்லாததைச் சொல்ல மாட்டேன், உன்கிட்ட கேட்கச் சொல்லுவேன். இதை இப்பவே சொல்லிடறேன், நீ அதுக்கு ஏத்த மாதிரி முடிவு பண்ணிக்க." கேட்கும்போது முகம் மாறும்தான். ஆனால் அப்போது அவன் கையில் நேரம் இருக்கும்.

இரண்டாவது அந்த மௌனம். "அவனிடமே கேள்" என்ற பதில் ஏன் காட்டிக்கொடுத்தது என்று பாருங்கள். மற்ற நாளில் அவர் இப்படிக் கேட்டால் "ஆமாம்மா, இப்பதான் கிளம்பினான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவீர்கள், இல்லையா? அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த வித்தியாசம்தான் பேசியது. உங்களிடம் சொல்வதற்கு இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் ஒரே பதில்தான் வரும் என்றால், அந்தப் பதிலிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சில மருத்துவமனைகளில் ஒருவர் அங்கே சிகிச்சையில் இருக்கிறாரா என்று போனில் கேட்டால் உண்டு என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். இல்லாதவருக்கும் அதே பதில் என்பதால்தான் இருப்பவரின் ரகசியம் நிற்கிறது.

அதற்காக ஒவ்வொரு போனுக்கும் அப்படிப் பேச முடியாது, நட்பு வறண்டுபோகும். ஆனால் ஒரு ரகசியம் உங்களிடம் வந்த நாளிலிருந்து, அவன் எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு மட்டும் இதைப் பழக்கமாக்கலாம். "அவன் நேரம் எனக்குச் சரியாத் தெரியாதும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள், தெரிந்துகொண்டே அதைச் சொன்னால் அதுவும் பொய்தான். "அவன் எங்கே போறான் வர்றான்னு நான் சொல்றது சரியா இருக்காதும்மா, அவன்கிட்டயே கேட்டுடு" என்று சொல்லலாம். வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனசுக்குள் தயாராக இருக்கிற வாக்கியம் போன் வரும்போது வாயில் வராது.

நேர்கோடு

தூரத்துப்பச்சை, உங்கள் அனுபவம் வருத்தமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொன்னது முழுப் பொய். நான் சொல்வது அது இல்லை. உண்மையை மட்டும் சொல்லி, மிச்சத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. மழைக்காலம் சொல்கிற பதிலிலும் அவர் உண்மையை மறைக்கத்தானே செய்கிறார்?

மழைக்காலம்

மறைப்பதில் நாம் ஒன்றுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பதிலுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குத் தெரியாதது தெரியாததாகவே இருக்கிறது. தனக்குத் தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். உங்கள் பதிலுக்குப் பிறகு, தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப்போவார். தப்பான விஷயத்தை அவர் மனதில் நட வேண்டும் என்றுதான் அந்த உண்மையான சொற்களைப் பொறுக்கி எடுக்கிறீர்கள்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டில் டாட் ராஜர்ஸும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பேரம் பேசுகிறவர்கள் உண்மையான வாக்கியங்களை வைத்தே எதிராளியைத் தப்பாக நினைக்க வைப்பதைக் கவனித்தார்கள். அப்படிச் செய்பவர்களுக்கு, நேரடியாகப் பொய் சொல்வதைவிட இது பரவாயில்லை என்ற எண்ணம் இருந்தது. ஆனால் தெரியவந்தபோது, ஏமாந்தவர்களுக்கு அப்பட்டமான பொய்யால் வருகிற அளவுக்கே நம்பிக்கை போயிருந்தது. சொல்கிறவர் தன் மனசாட்சிக்காக வைத்துக்கொள்கிற அந்தச் சின்ன வித்தியாசம் கேட்கிறவரைப் போய்ச் சேர்வதே இல்லை.

குறளைப் பற்றி ஒன்று. "புரைதீர்ந்த நன்மை" என்று இருக்கிறது. குற்றமில்லாத நன்மை. யாருக்கு நன்மை என்று கேட்டுப் பாருங்கள். இங்கே அவனுக்கு ஒருநாள் அவகாசம் கிடைக்கிறது, ஏமாறுவது அவள். அதைக் குற்றமில்லாத நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாம்பல்பூனை

நான் இதற்கு நேரெதிர். எனக்காக என் தோழி பொய் சொன்னாள். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் முன்னாள் கணவர் கை நீட்டுகிறவர். ஒருநாள் ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் கதவைத் தட்டினார். நான் உள்ளறையில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் கதவைச் சங்கிலியோடு திறந்து, "இங்க வரலையே, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "அவள் விஷயத்தை நான் சொல்ல முடியாது" என்று அவள் சொல்லியிருந்தால் அவர் கதவை உடைத்திருப்பார். பொய் சொல்லவே கூடாது என்று பொத்தாம்பொதுவாக யாரும் எழுதிவிடாதீர்கள்.

நேர்கோடு

1797இல் காண்ட் இதே கேள்வியைப் பற்றித்தான் எழுதினார். கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று முடித்துவிட்டார். அதை ஏற்காதவர்கள்தான் அதிகம். ஒரு இடத்தில் பொய் சரி என்று ஒத்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்பதுதான் என் கேள்வி.

மழைக்காலம்

சாம்பல்பூனை, உங்கள் தோழி செய்தது சரி. நான் அந்த வாசலில் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிள்ளை தன் விருப்பப்படி வாழ நினைப்பது தெரிந்தால் அடைத்து வைத்துவிடுவார்கள் என்று நிஜமாகவே பயப்பட வேண்டிய பெற்றோர் விஷயத்திலும் அப்படித்தான்.

எங்கே நிறுத்துவது என்றால், நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். உண்மை தெரிந்தால் கேட்கிறவர் அதை வைத்து யாரையாவது அடிப்பாரா, அடைப்பாரா? இல்லை, அது தெரியாததால் கேட்கிறவரே நஷ்டப்படப்போகிறாரா? உங்கள் கணவர் முதல் வகை. நடுவழியின் நண்பன் மனைவி இரண்டாவது வகை. அவர் கோபப்படுவார், அழுவார், அவனுக்கு அவமானமாக இருக்கும். அவமானத்துக்குப் பயந்து கேட்கிற பொய்யும் உயிருக்குப் பயந்து கேட்கிற பொய்யும் ஒன்றில்லை. ஆனால் கேட்கிறவனுக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால்தான் அவ்வளவு கெஞ்சுகிறான்.

பழைய சைக்கிள்

தம்பி, எனக்கு அறுபத்தி மூன்று வயது. எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் என் கதையையும் போட்டுவைக்கிறேன். என் சிநேகிதனுக்கும் இப்படித்தான் வேலை போனது. அவன் அம்மா இதய நோயாளி. "பையன் எப்படி இருக்கான், வேலை எல்லாம் நல்லாப் போகுதா?" என்று என்னிடம் கேட்டார்கள். "நல்லாப் போகுதும்மா" என்றேன். ஒரு தடவை இல்லை, நாலு மாதம் சொன்னேன். ஐந்தாவது மாதம் வேலை கிடைத்தது, அவனே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. நம் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கூட இருப்பவனைத் தவிக்க விடுகிறோமோ என்றும் யோசிக்க வேண்டும்.

தூரத்துப்பச்சை

ஐயா, வேலை கிடைத்ததால் அது நல்ல கதை. கிடைக்காமல் போயிருந்தால்? என் கணவரும் அவர் நண்பரும்கூட அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றுதான் எட்டு மாதமும் நினைத்தார்கள்.

மழைக்காலம்

பழைய சைக்கிள் ஐயா கடைசியாகச் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அது நம்மைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும்தான். ஒன்று முடியாது என்றால் அதே மூச்சில் எது முடியும் என்றும் சொல்ல வேண்டும். "எப்பவும் உனக்கு இருக்கேன்டா" என்பது காதில் விழாது. நேரமும் வேலையும் குறிப்பிட்டுச் சொன்னால்தான் விழும். எப்படி ஆரம்பிப்பது என்று முதல் இரண்டு வாக்கியத்தை அவனோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். அவன் சொல்கிற அன்றைக்குக் குழந்தையை இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப்போகலாம். சொல்லி முடித்த ராத்திரி அவன் போனுக்காகவே விழித்திருக்கலாம்.

இன்னொன்று, நடுவழி. ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். வேலை போய், அதை ஒளித்துவைத்து, இப்போது உங்களோடும் பேச்சில்லை. இந்த நிலையில் இருப்பவனை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் இருப்பார்கள். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். அங்கே எந்த ரகசியமும் இல்லை. அதைக்கூட முதலிலேயே அவனிடம் சொல்லிவைக்கலாம்.

நடுவழி

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அதே பூங்காவில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் நான், "முதல் நாளே உன்கிட்ட இதைச் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு, மன்னிச்சுடு" என்றேன். அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, திரும்பிப் பார்த்தான். மழைக்காலம் சொன்னதையும் கேட்டேன். "அந்த அளவுக்கு இல்லடா, ஆனா ராத்திரி தூக்கம் இல்ல" என்றான். அன்றைக்கு மனைவியிடம், தலைவலி என்று அரை நாள் விடுப்பு எடுத்ததாகச் சொல்லியிருக்கிறான். அவர் நம்பினாரா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆனால் இன்னொரு விஷயம் சொன்னான், கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போவதற்கு முன்னாலேயே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக் கடனுக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை. அவன் பழைய சம்பளச் சீட்டுகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டான். "அதுக்குள்ள வேலை கிடைச்சுடும்" என்கிறான். எனக்குத் தெரிந்தே அவன் மனைவி அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறார். பொய் சொல்ல மாட்டேன் என்பது சரி, இப்போது பேசாமல் இருப்பதும் சரியா?

வெட்டிவேர்

முதலில் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இப்போதும் அதையேதான் சொல்கிறேன், அவரிடம் சொல்லுங்கள்.

தூரத்துப்பச்சை

சொல்லுங்கள். கடன் வேறு மாதிரி. கையெழுத்து அவருடையது.

நேர்கோடு

கூடாது. ரகசியம் என்று வாங்கிக்கொண்டதை நீங்களாகப் போய் உடைத்தால் அவன் இனி யாரையும் நம்ப மாட்டான். கணவன் மனைவிக்கு நடுவில் வெளி ஆள் போய் நிற்கக் கூடாது. அவனை வற்புறுத்துங்கள், அவ்வளவுதான்.

மழைக்காலம்

கடன் பக்கத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவனுக்கே அது புரிந்த மாதிரி தெரியவில்லை. சேர்ந்து கடன் வாங்குகிறவர்கள் பாதிப் பாதிக்குத்தான் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் முழுப் பாக்கியையும் இன்னொருவரிடம் கேட்கலாம். அதோடு, வேலை இல்லாதபோது இருப்பதாகக் காட்டிக் கடன் வாங்குவது வங்கியிடம் பொய்த் தகவல் கொடுப்பது. அவன் ஒளித்துவைத்த விஷயம் வெள்ளிக்கிழமையோடு வீட்டைத் தாண்டிவிடும். இதை அவனை பயமுறுத்துவதற்காக இல்லாமல் நிதானமாகச் சொல்லுங்கள். கையெழுத்தைத் தள்ளிப்போட முடியுமா, முன்பணம் என்ன ஆகும் என்று முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நிறைய பேர் அதைப் படிக்காமலேயே எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்வது என்றால், நான் அவனுக்கு ஒரு நாள் குறிப்பேன். புதன்கிழமை ராத்திரி. "புதன்கிழமைக்குள்ள நீ சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன். நீ சொல்லலைன்னா வியாழக்கிழமை அவகிட்ட ஒரே ஒரு வரி சொல்லுவேன்: 'அவன்கிட்ட உட்கார்ந்து பேசாம கையெழுத்துப் போடாதம்மா.' வேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்." இதை அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

ஆனால் இது மிரட்டல் இல்லையா என்று என் கூட வேலை செய்கிறவர்களே என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். நேர்கோடு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னால் எல்லாருக்குமாக ஒரு பதில் சொல்ல முடியாது. இந்த ஒரு கையெழுத்துக்கு இதைச் செய்வேன், அவ்வளவுதான்.

பழைய சைக்கிள்

இது என் கதை மாதிரி இல்லை தம்பி, ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

நடுவழி

இன்று வியாழக்கிழமை. நேற்று அவன் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மாடியில் உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது என்று எழுதினோம். அவன் முதலில் எழுதியது முழுக்க அலுவலகத்தைப் பற்றி, பிரிவை ஏன் மூடினார்கள், யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம். "அவ முதல்ல கேட்கப்போறது அது இல்லடா" என்றேன். அடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சியது: "இரண்டரை மாசமா எனக்கு வேலை இல்ல. உன்கிட்ட மறைச்சேன்." அதை வாய்விட்டு ஆறு தடவை சொன்னான், முதல் மூன்று தடவை முடிக்க முடியவில்லை.

நேற்று சாயங்காலம் நான் போய்க் குழந்தையை விளையாடக் கூட்டிப்போனேன். ஒரு மணி நாற்பது நிமிடம். அவள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, "அங்கிள், ஏன் அடிக்கடி போனைப் பார்க்கறீங்க?" என்று கேட்டாள். அப்பா எப்ப கூப்பிடுவார்னு பார்க்கறேன் என்றேன். உண்மைதான்.

திரும்பிப் போனபோது கதவைத் திறந்தது அவன் மனைவி. கண் சிவந்திருந்தது. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே கேட்டார், "உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்ணா?" முதல் நாளிலிருந்து என்றேன். "நான் போன் பண்ணினப்ப நீங்க பொய் சொல்லல. அது இப்பப் புரியுது. ஆனா என்கிட்ட நீங்களா ஒரு வார்த்தை சொல்லவும் இல்லையேண்ணா" என்றார். என்னிடம் பதில் இல்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

நாளைய கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் காலையில் இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போனார்கள், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அவன் என்னோடு பேசுகிறான். அவர் பேசுவாரா என்று தெரியாது. அவரிடம் நானாகப் போய் ஏதாவது சொல்ல வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

தூரத்துப்பச்சை

இப்போது விட்டுவிடுங்கள். ஆனால் ஒருநாள் அவரே திரும்பக் கேட்பார். எந்த நாள் எங்கே இருந்தான், உங்கள் மாடிக்கு எத்தனை தடவை வந்தான் என்று சின்னச் சின்னதாகக் கேட்பார். நான் அப்படித்தான் கேட்டேன், அந்த நண்பரிடம் இல்லை, அவர் மனைவியிடம். அப்போது அவனிடமே கேள் என்று சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் அவ கேட்டா எல்லாத்தையும் சொல்லலாமா என்று.

நடுவழி

கேட்டேன். "சொல்லிடுடா" என்றான்.